சாட் பெட்டியில் விழுந்த கடவுச்சொல்

திரை கறுப்பாக இருக்கிறது. கணினி பூட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்து, அதை எழுப்ப விசைப்பலகையில் கைக்கு வந்த விசைகளைத் தட்டுகிறோம். திரை வெளிச்சமாவதற்குள் விரல்கள் பழக்கத்தில் கடவுச்சொல்லை அடித்து என்டரையும் தட்டிவிடுகின்றன. பிறகுதான் தெரிகிறது, தூங்கியது மானிட்டர் மட்டும்தான் என்று. கணினி பூட்டப்படவே இல்லை. கடைசியாகத் திறந்து வைத்த வாட்ஸ்அப் வெப்பில் கர்சர் அப்படியே நின்றிருந்தது. அடித்ததெல்லாம் குழுவுக்குப் போய்விட்டது.

இந்த அத்தியாயத்துக்கு ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். ஒரு பள்ளி அலுவலகத்தின் எழுத்தர் அவர். குழுவில் ஆசிரியர்களும் அலுவலர்களுமாக அறுபது பேர். மாலை 6.40 மணிக்கு அவர் பெயரில் குழுவில் விழுந்த செய்தி இது:

```
;;lkjjklkkuyil@4719
```

பார்த்தவுடன் அவருக்கு வரக்கூடிய முதல் எண்ணம், "குப்பையோடு குப்பையாகத்தானே இருக்கிறது, யாருக்குப் புரியப்போகிறது?" என்பதாக இருக்கும். அந்த எண்ணம்தான் இதில் பெரிய ஆபத்து. புரியாது என்று நம்பி சும்மா இருப்பவரின் கணக்கு நாள்கணக்கில் திறந்து கிடக்கிறது. ஆகவே குப்பை எவ்வளவு மறைக்கிறது என்பதை முதலில் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

குப்பை எதையும் மறைப்பதில்லை

மேலே உள்ள வரியில் 19 எழுத்துகள் இருக்கின்றன. கடவுச்சொல் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தெரியாத ஒருவர் அந்த வரியை எல்லா இடங்களிலும் வெட்டிப் பார்த்தாலும் மொத்தம் 190 துண்டுகள்தான் கிடைக்கும். ஒரு நிரலுக்கு அது கண் சிமிட்டும் நேர வேலை. மனிதருக்கு அவ்வளவுகூடத் தேவையில்லை. கடவுச்சொல்லை அடித்து முடித்ததும் என்டர் தட்டுவோம் என்பதால், அது வரியின் கடைசி எழுத்தோடுதான் முடியும். குறைந்தது எட்டு எழுத்து இருக்கும் என்று வைத்துக்கொண்டால், மிஞ்சுவது 12 துண்டுகள்.

கண்ணுக்கு அதுவும் வேண்டாம். யோசிக்காமல் தட்டும் விரல்கள் கையின் கீழே இருக்கும் நடு வரிசையிலேயே உலாவும். j, k, l என்று ஒரே எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும். கடவுச்சொல் தொடங்கும் இடத்தில் அந்த நடை மாறிவிடும். மேல் வரிசை எழுத்துகள் வருகின்றன, ஒரு சின்னம் வருகிறது, அதன் பிறகு எண்கள் வருகின்றன. நம் மாதிரியில் குப்பை k என்ற எழுத்தில் முடிகிறது, கடவுச்சொல்லும் k என்ற எழுத்தில் தொடங்குகிறது. எல்லை கொஞ்சம் மங்கலாகத் தெரியலாம். ஆனால் தமிழ் தெரிந்த யாரும் நடுவில் ஒரு குயில் இருப்பதைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

"ஒரு எழுத்தைத் தப்பாகத்தான் அடித்திருப்பேன்" என்ற ஆறுதலும் உதவாது. ஓரெழுத்துப் பிழையைத் திருத்திப் பார்ப்பது ஊகிக்க முயல்பவர் செய்யும் முதல் வேலைகளில் ஒன்று.

தமிழில் தட்டச்சு செய்பவர்கள் இன்னொரு வகையில் ஏமாந்துபோகிறோம். கணினி தமிழ்99 விசைப்பலகையில் இருக்கும்போது அதே கடவுச்சொல்லை அடித்தால், சாட் பெட்டியில் இப்படி வரும்:

```
மறளனத@4719
```

பார்க்க முழுக்க உளறல். அகராதியில் இல்லாத சொல், யாருக்கும் பொருள் தெரியாது. ஆனால் தமிழ்99-இல் k அடித்தால் ம, u அடித்தால் ற, y அடித்தால் ள, i அடித்தால் ன, l அடித்தால் த என்பது மாறாத ஏற்பாடு. விசைப்பலகைப் படம் ஒன்றை எதிரில் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து திருப்பி வாசித்தால் kuyil வந்துவிடும். எண்களும் @ குறியும் மாறுவதே இல்லை. ஒரே மெய் இரட்டித்தால் தமிழ்99 தானாகவே புள்ளி வைக்கும், அதையும் இதே போலப் பின்னோக்கி வாசித்துவிடலாம். ஒலிபெயர்ப்பு விசைப்பலகை என்றால் அந்தச் சிரமம்கூட இல்லை. அது நேராக "குயில்" என்றே எழுதிக் காட்டிவிடும். நம் ஊர் அலுவலகக் குழுவில் தமிழ்99 கைவசப்பட்டவர் ஒருவராவது இருப்பார் என்பதால், இந்த உளறலை ஆங்கிலத்தில் போன கடவுச்சொல்லுக்குச் சமமாகவே கருத வேண்டும்.

முதலில் நீக்கம், உடனே மாற்றம்

செய்ய வேண்டியவை இரண்டு. செய்தியை நீக்க வேண்டும், கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். எதை முதலில் செய்வது என்பதில் என் கருத்து இது: நீக்கம் பத்து விநாடியில் முடியும் என்றால் அதை முதலில் செய்யுங்கள். மெனுவைத் தேடுவது, குழு நிர்வாகியைத் தொலைபேசியில் பிடிப்பது என்று இழுக்கும் என்றால் அதை அப்படியே விட்டுவிட்டு, கடவுச்சொல்லை மாற்றப் போங்கள். நீக்கினால் பார்க்கப்போகிறவர்களின் எண்ணிக்கை குறையும், அவ்வளவுதான். மாற்றினால் மட்டுமே பார்த்தவர்களுக்கும் அது பயன்படாமல் போகும். சாவியின் நகல் கைமாறிவிட்டால் நகலைத் தேடி அலைவதைவிடப் பூட்டை மாற்றுவதுதான் காரியம்.

வாட்ஸ்அப்பில் நீக்கும்போது ஒரு குழி இருக்கிறது. பதற்றத்தில் பலரும் "Delete for everyone" என்பதற்குப் பதிலாக "Delete for me" என்பதைத் தொட்டுவிடுகிறார்கள். அப்போது செய்தி உங்கள் திரையிலிருந்து மட்டும் மறையும். குழுவில் மற்ற எல்லாரிடமும் அப்படியே இருக்கும். உங்கள் கண்ணில் படாததால் அதை எல்லாரிடமிருந்தும் நீக்கும் வழியும் உங்களுக்கு அடைபட்டுவிடும். இதற்காகவே 2022 டிசம்பரில் வாட்ஸ்அப் "Undo" என்ற பொத்தானைக் கொண்டுவந்தது. அது சில விநாடிகள் மட்டும் திரையின் அடியில் நிற்கும். அதைத் தவறவிட்டால், குழு நிர்வாகியிடம் சொல்லி அவர் மூலம் நீக்கலாம். நிர்வாகிகளால் மற்றவர்களின் செய்தியையும் எல்லாருக்குமாக நீக்க முடியும்.

சரியாக நீக்கிய பிறகும் செய்தி முழுமையாகப் போய்விட்டதாக எண்ண வேண்டாம். பலருடைய போனில் அது அறிவிப்பாக ஏற்கெனவே மேலே வந்து போயிருக்கும். ஆண்ட்ராய்டு 11 முதல் அறிவிப்பு வரலாறு என்ற வசதி இருக்கிறது. அதை இயக்கி வைத்தவர்கள் கடந்த 24 மணி நேர அறிவிப்புகளைத் திரும்பப் பார்க்கலாம். யாராவது உங்கள் செய்தியை மேற்கோளாக வைத்து "என்ன சார் இது?" என்று பதில் போட்டிருந்தால், மூலச் செய்தியை நீக்கினாலும் அந்த மேற்கோளில் கடவுச்சொல் நிற்கும். அவரும் தன் பதிலை நீக்க வேண்டும். அலுவலகங்களில் பயன்படும் டீம்ஸ், ஸ்லாக் போன்றவற்றில், நிறுவனம் அப்படி அமைத்திருந்தால், நீக்கிய செய்தியும் நிர்வாகத்தின் சேமிப்பில் இருக்கும். "இந்தச் செய்தி நீக்கப்பட்டது" என்ற அடையாளமே சிலருடைய ஆவலைக் கிளப்பும் என்பதையும் மறக்கக் கூடாது. ஆகவே நீக்கிய அடுத்த நிமிடமே மாற்றம் நடக்க வேண்டும்.

இந்த நேரத்தில் தவறியும் செய்யக் கூடாதவை சில உண்டு. "மன்னிக்கவும், அது என் பாஸ்வேர்டு, யாரும் பார்க்காதீர்கள்" என்று குழுவில் எழுதக் கூடாது. கவனிக்காமல் கடந்துபோகவிருந்த ஐம்பது பேருக்கும் அது என்னவென்று நாமே சொல்லிக்கொடுத்ததாகிவிடும். மேலே தள்ளிவிடுவதற்காக வாழ்த்துப் படங்களாக அனுப்பிக் குவிப்பதும் பயன் தராது. ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், "தவறுதலாக வந்துவிட்டது" என்ற இரண்டு சொற்கள் போதும். கடவுச்சொல் கசிந்ததா என்று சோதித்துச் சொல்லும் தளங்களில் போய் அதை இடுவதும் வேண்டாம். அந்தத் தளங்களிடம் இருப்பது பெரிய தரவுக் களவுகளில் வெளியான பட்டியல்கள். உங்கள் பள்ளிக் குழுவில் விழுந்தது அவற்றில் இருக்காது. இல்லை என்று அது சொல்வதால் ஒரு நிம்மதியும் கிடைக்கக் கூடாது.

எந்தப் பூட்டின் சாவி அது?

நம் எழுத்தர் அடித்தது கணினியைத் திறக்கும் சொல். விண்டோஸில் அது மூன்றில் ஒன்றாக இருக்கலாம், மூன்றுக்கும் ஆபத்து வேறுவேறு.

அது பின் எண் என்றால், அந்த ஒரு கணினியில் மட்டுமே செல்லும். வேறு ஊரிலிருந்து யாரும் அதை வைத்து உள்ளே வர முடியாது. ஆனால் குழுவில் இருப்பவர்கள் எல்லாரும் அதே கட்டடத்தில் வேலை செய்கிறவர்கள். அந்த மேசை வரை நடந்து வரக்கூடியவர்கள். ஆகவே மாற்றத்தான் வேண்டும். அந்தக் கணினிக்கு மட்டுமான உள்ளூர்க் கணக்கு என்றாலும் பெரும்பாலும் இதே நிலைதான். `Ctrl + Alt + Del` மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும் பட்டியலில் `Change a password` என்று இருக்கும், அங்கேயே மாற்றிவிடலாம். மூன்றாவது வகை மைக்ரோசாஃப்ட் கணக்கின் கடவுச்சொல். இதுதான் மிக மோசம். அவுட்லுக் மின்னஞ்சலும் ஒன்டிரைவில் உள்ள கோப்புகளும் அதே சொல்லில்தான் திறக்கும். உலகின் எந்த மூலையிலிருந்தும் திறக்கும். அதை `account.microsoft.com` முகவரியில் `Security` பகுதிக்குப் போய் மாற்ற வேண்டும். முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். "உங்கள் கடவுச்சொல் கசிந்துவிட்டது, இங்கே மாற்றுங்கள்" என்று யாராவது இணைப்பு அனுப்பினால், அது உண்மையானதா என்று ஆராயக்கூட நேரம் செலவிட வேண்டாம், தொடாமல் விடுங்கள்.

புதிய கடவுச்சொல்லைப் பற்றி ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். kuyil@4719 போய்விட்டது என்பதற்காக kuyil@4720 வைப்பது மாற்றமே இல்லை. வட கரோலினா பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 2010-இல் இதையே சோதித்தார்கள். வழக்கொழிந்த பழைய கணக்குகள் 10,000-க்கு மேல் எடுத்துக்கொண்டு, ஒருவரின் முந்தைய கடவுச்சொல் தெரிந்தால் அடுத்ததை ஊகிக்க முடியுமா என்று பார்த்தார்கள். சுமார் 17 சதவீதக் கணக்குகளில் ஐந்து முயற்சிக்குள்ளேயே புதிய சொல் கிடைத்துவிட்டது. ஐந்து முறை தவறாக அடித்தால் பல தளங்கள் கணக்கைப் பூட்டக்கூட மாட்டா. கடைசி எண்ணைக் கூட்டுவது, சின்னத்தை இடம் மாற்றுவது, முதல் எழுத்தைப் பெரிதாக்குவது என்று எல்லாரும் ஒரே மாதிரிதான் மாற்றுகிறோம் என்பதே காரணம். எனவே குயிலையும் விட வேண்டும், அந்த நாலு எண்ணையும் விட வேண்டும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்து வைத்தால் நீளமாகவும் இருக்கும், நினைவிலும் நிற்கும்.

அதே சொல்லை, அல்லது அதன் சாயலில் ஒன்றை, வேறு எங்கெல்லாம் வைத்திருக்கிறீர்கள் என்று அடுத்து நினைத்துப் பாருங்கள். அங்கெல்லாம் மாற்ற வேண்டும். வரிசை முக்கியம்: முதலில் மின்னஞ்சல். மற்ற கணக்குகளுக்கு "கடவுச்சொல் மறந்துவிட்டது" என்று கேட்டால் இணைப்பு அங்கேதான் வந்து விழும் என்பதால், மின்னஞ்சல் பிறர் கையில் இருக்கும் வரை மற்றவற்றை மாற்றுவது வீண். அதன் பிறகு வங்கி. சமூக ஊடகங்கள் எல்லாம் பிறகு. ஓடிபி வரும்படி அமைத்திருக்கிறேனே என்று இதைத் தள்ளிப்போட வேண்டாம். இரண்டு தாழ்ப்பாளில் ஒன்று ஏற்கெனவே கழன்றுவிட்டது.

இடைப்பட்ட நேரம்

கடவுச்சொல்லை மாற்றியதும், அதற்குள் யாராவது உள்ளே வந்திருந்தால் அவர் தானாக வெளியேற்றப்படுவார் என்று எல்லா இடத்திலும் உறுதியில்லை. பல தளங்கள் மாற்றும்போதே "மற்ற சாதனங்களிலிருந்து வெளியேறவா?" என்று கேட்கும். ஆம் என்று சொல்லுங்கள். கேட்கவில்லை என்றால் பாதுகாப்பு அமைப்புகளில் அதைத் தேடிச் செய்யுங்கள்.

நேரங்களைக் குறித்துக்கொள்வது பெரிய உதவி. நம் மாதிரியில் 6.40-க்குச் செய்தி போனது, 6.41-க்கு நீக்கியாயிற்று, 6.46-க்குக் கடவுச்சொல் மாறியது. அதாவது வாசல் திறந்திருந்தது ஆறு நிமிடம். இனி கணக்கின் நுழைவுப் பதிவைத் திறந்து, 6.40-க்குப் பிறகு தெரியாத சாதனமோ தெரியாத ஊரோ இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். ஜிமெயிலைக் கணினியில் திறந்தால் பக்கத்தின் அடியில், வலது ஓரத்தில், `Details` என்ற சிறிய இணைப்பு இந்தப் பட்டியலைக் காட்டும். ஒன்றும் இல்லை என்றால், மீட்புக்காகக் கொடுத்த போன் எண்ணும் மாற்று மின்னஞ்சலும் உங்களுடையவைதானா, வரும் அஞ்சலை வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் அமைப்பு ஏதும் புதிதாக முளைத்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு முடித்துக்கொள்ளலாம். உள்ளே வந்தவர் மறுபடி வருவதற்கு விட்டுவைக்கும் வாசல்கள் இவைதான்.

தெரியாத நுழைவு இருந்தால், அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டுப் பிறகு வெளியேற்றுங்கள். வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் இந்தியாவில் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். புகாரை `cybercrime.gov.in` தளத்திலும் பதியலாம்.

கணக்கு அலுவலகத்துடையது என்றால் கணினிப் பிரிவுக்கோ பொறுப்பாளருக்கோ சொல்லியே ஆக வேண்டும். திட்டுவார்கள் என்று மறைப்பவர்கள் பலர். ஆனால் நுழைவுப் பதிவை முழுமையாகப் பார்க்கக்கூடியவர் அவர் ஒருவரே. இப்படி எழுதினால் போதும்: "இன்று மாலை 6.40-க்கு என் கணினிக் கணக்கின் பாஸ்வேர்டு தவறுதலாக ஸ்டாஃப் குரூப்பில் போய்விட்டது. 6.46-க்கு மாற்றிவிட்டேன். 6.40-க்குப் பின் என் கணக்கில் வேறு இடத்திலிருந்து நுழைவு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள் சார்." பழைய கடவுச்சொல்லைக்கூட அதில் எழுத வேண்டாம்.

என்டர் தட்டவில்லை என்றால்

பெட்டியில் அடித்துவிட்டு அனுப்பும் முன் கவனித்துவிட்டால், பெரும்பாலும் அழித்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். இரண்டு விலக்குகள் உண்டு. வாடிக்கையாளர் சேவைக்காகத் தளங்களின் மூலையில் திறக்கும் சாட் பெட்டிகளில் சில, நீங்கள் அடிக்க அடிக்கவே எதிரில் இருக்கும் ஊழியருக்குக் காட்டிவிடும். பதிலைச் சீக்கிரம் தயாரிக்க என்று அந்த வசதியை வைத்திருக்கிறார்கள். அங்கே அடித்ததை, என்டர் தட்டினாலும் தட்டாவிட்டாலும், போனதாகவே கொள்ளுங்கள். இரண்டாவது போன். கடவுச்சொல் கட்டத்தில் அடிப்பதைப் போனின் விசைப்பலகை கற்றுக்கொள்ளாது, சாட் பெட்டியில் அடிப்பதைக் கற்றுக்கொள்ளும். பிறகு ஒரு நாள் நீங்கள் "ku" என்று தொடங்கும்போது பக்கத்தில் இருப்பவர் கண் முன்னே முழுச் சொல்லையும் பரிந்துரைக்கும். கூகுள் விசைப்பலகையில் அந்தப் பரிந்துரையை அழுத்திப் பிடித்துக் குப்பைத்தொட்டிக்கு இழுத்தால் மறந்துவிடும்.

பார்த்தவர் செய்ய வேண்டியது

குழுவில் இப்படி ஒரு வரி வந்து விழுவதை நீங்கள் பார்த்தால், அதன் மேல் பதில் போடாதீர்கள்; மேற்கோளில் அது நின்றுவிடும் என்று மேலே பார்த்தோம். சிரிப்புக் குறியும் வேண்டாம், அது மற்றவர்களை அங்கே இழுக்கும். ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டாம். அனுப்பியவரை நேரே தொலைபேசியில் கூப்பிட்டு, "மேடம், குரூப்பில் உங்க கடைசி மெசேஜைப் பாருங்க, பாஸ்வேர்டு மாதிரி தெரியுது. நீக்கிட்டு உடனே மாத்திடுங்க" என்று சொல்லுங்கள். அவர் எடுக்கவில்லை என்றால் குழு நிர்வாகியைக் கூப்பிட்டு நீக்கச் சொல்லலாம். பல சமயம் அனுப்பியவருக்கே அது தெரியாது. வெளிச்சம் வந்ததும் கணினி திறந்திருப்பதைப் பார்த்துவிட்டு, சாட் ஜன்னலைக் கவனிக்காமலே வேறு வேலைக்குப் போயிருப்பார். அந்த ஒரு அழைப்பு வராவிட்டால், ஆறு நிமிடத்தில் அடைந்திருக்க வேண்டிய வாசல் மறுநாள் காலை வரை திறந்தே இருக்கும்.

மறுபடி நேராமல் இருக்க

கறுத்த திரையை எழுப்ப எழுத்து விசைகளைத் தட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். இடது ஓரத்தில் உள்ள `Shift` விசையை ஒரு முறை தொட்டாலே திரை எழும். அது எந்தப் பெட்டியிலும் எழுத்தாக விழாது. மேசையை விட்டு எழும்போது `Windows + L` அழுத்தினால் கணினி உறுதியாகப் பூட்டிக்கொள்ளும், மேக்கில் `Control + Command + Q`. திரும்பி வந்ததும், பூட்டுத் திரையும் அதில் உங்கள் பெயரும் கண்ணில் தெரிந்த பிறகே விரல்கள் அசைய வேண்டும்.